எந்தக் கொம்பு, எந்த இடம்: மாடு உரசுவதைப் பார்த்து நான் தெரிந்துகொண்டவை

மாடு மரத்திலோ தூணிலோ கொம்பை உரசினால், "கொம்பைத் தீட்டுது" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். பல ஆண்டுகளாக உழவு எருதுகளையும் எருமைகளையும் பொலிகாளை ஒன்றையும் வைத்துப் பராமரித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கொம்பு உரசுவது என்பது ஒரே செயல் அல்ல. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை கவலைப்படத் தேவையில்லாதவை. ஒன்று மட்டும், நேரத்தில் கண்டுபிடிக்காவிட்டால் மாட்டின் உயிரையே எடுத்துவிடும். அதை எப்படிப் பிரித்தறிவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொம்பு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். நாம் வெளியே பார்ப்பது ஓடு மட்டும்தான். நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆனது அந்த ஓடு. நகத்தை வெட்டினால் வலிப்பதில்லை, நகத்துக்கு அடியில் ஊசி பட்டால் துடித்துவிடுவோம். கொம்பும் அப்படித்தான். ஓட்டுக்கு அடியில் ரத்தக்குழாயும் நரம்பும் நிறைந்த மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதற்கும் உள்ளே, நெற்றி எலும்பிலிருந்தே முளைத்து நீளும் எலும்பு இருக்கிறது. கன்றாக இருக்கும்போது இந்த எலும்பு கெட்டியாக இருக்கும். ஆறு மாத வயதுக்குப் பிறகு, நெற்றியில் இருக்கும் காற்றறை மெல்ல மெல்ல அதற்குள்ளும் விரிந்து உள்ளே பொள்ளலாகிவிடும். அந்தக் காற்றறைக்கு மூக்கோடு தொடர்பு உண்டு. வளர்ந்த மாட்டின் கொம்பு அடியோடு ஒடிந்தால் அதே பக்க மூக்கில் ரத்தம் வருவது இதனால்தான். கொம்பின் நுனி மட்டும் உணர்ச்சியற்ற கெட்டி ஓடு. கொம்பு வளர்வது நுனியில் அல்ல, அடியில். தோலும் ஓடும் சேருகிற அந்த விளிம்பில்தான் புது ஓடு உருவாகிக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஒரு மாடு கொம்பை உரசுவதைப் பார்த்தால் நான் முதலில் கவனிப்பது, கொம்பின் எந்த இடம் தூணில் படுகிறது என்பதை. நுனியும் நடுப்பகுதியும் படுகிறதா, அல்லது அடியும் இரு கொம்புக்கு நடுவிலுள்ள உச்சியும் படுகிறதா? அடுத்தது, இரண்டு பக்கமும் மாறி மாறி உரசுகிறதா, ஒரே பக்கம்தானா? இந்த இரண்டையும் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நுனியாலும் நடுப்பகுதியாலும் மரத்தைக் கிளறுவது, புதரைக் குத்தித் தூக்கி எறிவது, தரையில் கொம்பைக் குத்தி மண்ணை முதுகில் வாரிப் போட்டுக்கொள்வது, இவையெல்லாம் காளையும் எருமைக்கிடாவும் தன் பலத்தைக் காட்டுகிற வேலைகள். வேறொரு காளையைப் பார்த்ததும், பசு பருவத்துக்கு வந்த வாடை அடித்ததும், புதிய ஆள் தொழுவத்துக்குள் வந்ததும் இது கூடும். கொம்போடு நெற்றியையும் கழுத்தையும் சேர்த்துத் தேய்ப்பதால் அதன் வாடையும் அந்த மரத்தில் ஏறுகிறது. பிறகு அந்த வழியாக வரும் காளை அதே இடத்தை முகர்ந்து பார்ப்பதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். காட்டெருமைகளும் புதர்களில் இதையேதான் செய்கின்றன. வளர்க்கிற மாடு மறக்காமல் வைத்திருக்கும் பழக்கம் இது.

இதில் மாட்டுக்கு நோய் எதுவும் இல்லை, ஆபத்து நமக்குத்தான். பொலிகாளை தூணைக் குத்திக்கொண்டிருக்கும்போது அதன் உடல் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். நமக்குப் பக்கவாட்டில் திரும்பி, முதுகை வளைத்து உயர்த்தி, தலையைத் தாழ்த்தி நின்றால் அது தன் உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று பொருள். அத்துடன் முன்காலால் மண்ணைப் பறித்து, தொண்டைக்குள் உறுமினால் அடுத்தது பாய்ச்சல்தான். அந்த நேரத்தில் அதட்டுவதும் கம்பை ஓங்குவதும் அதற்குச் சவாலாகப் படும். முதுகைக் காட்டி ஓடவும் கூடாது. கண்ணை அதன் மேல் வைத்தபடியே பக்கவாட்டில் மெதுவாக விலகி வேலிக்கு அப்பால் போய்விட வேண்டும். பொலிகாளை இருக்கும் தொழுவத்தில் ஆள் சட்டென்று நுழைந்து வெளியேறக்கூடிய, மாடு நுழைய முடியாத ஒரு சந்து எப்போதும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடியையும் உச்சியையும் தேய்ப்பது வேறு விஷயம். அது அரிப்பு. மாடு தன் விலாவை நாக்கால் நக்கிக்கொள்ளும், பின்னங்காலால் காதைச் சொறிந்துகொள்ளும். ஆனால் இரண்டு கொம்புகளுக்கு நடுவே, கொம்படியைச் சுற்றி, பிடரிக்கு மேலே அதன் நாக்கு எட்டாது. கூட்டமாக மேயும் மாடுகளைக் கவனித்தால் ஒன்றை ஒன்று நக்கிக் கொடுப்பது தலையிலும் கழுத்திலும்தான் அதிகம் என்பது தெரியும். தனக்கு எட்டாத இடத்தை மற்றது பார்த்துக்கொள்கிறது. தனியாகக் கட்டிப்போட்ட மாட்டுக்கு அந்தத் துணை கிடையாது. அதனால் அது தூணைத் தேடுகிறது. இப்படித் தேய்க்கும் மாட்டின் கொம்படியில் நம் விரல்களை வைத்துச் சொறிந்து கொடுத்தால் தலையைத் தாழ்த்திக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் பெரும்பாலும் வெறும் அரிப்புதான். தொட்டதும் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் அங்கே வலி இருக்கிறது. இந்தச் சின்னச் சோதனை எனக்குப் பலமுறை பயன்பட்டிருக்கிறது.

எருமைக்கு இன்னொரு காரணம் சேறு. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மாட்டைவிடக் குறைவு, முடியும் குறைவு. சூட்டைத் தணிக்கத் தண்ணீரிலும் சேற்றிலும் புரளும். சேறு காய்ந்து இறுகியதும் மரத்தில் போய்த் தேய்க்கும். உதிரும் சேற்றோடு உண்ணியும் பேனும் கொஞ்சம் போய்விடும். குளித்துவிட்டு வந்த எருமை மரத்தில் தலையையும் விலாவையும் தேய்த்துச் சேற்றுத் தடம் வைத்தால் அதைத் தடுக்காதீர்கள். தண்ணீரும் சேறும் கிடைக்காமல் கட்டிக் கிடக்கும் எருமை நாள் முழுக்கச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தால், முதலில் நிழலும், உடலில் ஊற்றத் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள்.

கொம்பு முளைக்கும் பருவத்துக் கன்றுகளும் தேய்க்கும். தோலைத் தள்ளிக்கொண்டு மொட்டு வெளியே வரும்போது சுற்றிலும் ஒரு மெல்லிய படலம் காய்ந்து செதிள் செதிளாக உதிரும். அந்த நமைச்சல் தானாகவே அடங்கிவிடும்.

தேய்ப்பது திடீரென்று அதிகமானால், கழுத்திலும் வால் அடியிலும் சேர்ந்தே இருந்தால், பேன், உண்ணி, சொறி ஆகிய மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். பேன் குளிர் மாதங்களில் முடி அடர்ந்திருக்கும்போது பெருகும். நல்ல வெயிலில் மாட்டை நிறுத்தி, கொம்படியிலும் பிடரியிலும் முடியை இரு கட்டைவிரல்களாலும் பிரித்துத் தோல் வரை பாருங்கள். நகரும் சிறு பூச்சிகளும், முடியில் ஒட்டிய வெளிறிய ஈரும் தெரியும். சொறியானால் முடி கொட்டி, தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகச் செதிள் பிடித்திருக்கும். பேனுக்கு மருந்து போடும்போது இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறோம். பெரும்பாலான மருந்துகள் ஈரைக் கொல்வதில்லை, அதனால் சுமார் இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். ஒரு மாட்டுக்கு மட்டும் போட்டுப் பயனில்லை, கூட இருக்கும் அதே இன மாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். எருமைப் பேன் வேறு, மாட்டுப் பேன் வேறு என்றாலும் நான் இரண்டுக்குமே சேர்த்துப் போட்டுவிடுகிறேன். தேய்த்துத் தேய்த்துப் புண்ணான தோலில் பூச்சி மருந்தைத் தெளிக்காதீர்கள். அளவு மாட்டின் எடையைப் பொறுத்தது, கறவை மாடானால் பாலை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு. இரண்டையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஒரே பக்கக் கொம்பை, அதன் அடியை, ஒரு மாடு திரும்பத் திரும்பத் தேய்த்தால் அதை வெறும் அரிப்பென்று விட்டுவிடக் கூடாது. பேனுக்கும் உண்ணிக்கும் இடது வலது தெரியாது. ஒரு பக்கம் மட்டும் உறுத்துகிறது என்றால் அந்தக் கொம்பில் ஏதோ இருக்கிறது. கொம்புக் கயிறு அறுத்த புண்ணாக இருக்கலாம், வெளியே தெரியாத விரிசலாக இருக்கலாம், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், கொம்புப் புற்றுநோயாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது திமிலுள்ள மாட்டினங்களில், அதிலும் காயடித்த எருதுகளில்தான் மிக அதிகம். பொதுவாக ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் வரும். பசுவுக்குக் குறைவு, பொலிகாளைக்கு அதைவிடக் குறைவு, எருமைக்கு மிக அரிது. கொம்புக்குள் இருக்கிறதே காற்றறை, அதன் உட்சவ்வில்தான் அது தொடங்குகிறது. அதனால்தான் வெளியே ஓடு பளபளவென்று இருக்க உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும்.

என் எருது ஒன்றுக்கு அப்படித்தான் வந்தது. எட்டு வயதை நெருங்கிய, நல்ல உழைப்பாளி எருது. அதைக் கட்டும் தூணில் ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாகி, அதில் முடி ஒட்டிக்கொண்டிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். கட்டும் திசையை மாற்றிப் பார்த்தேன். உடம்பையே திருப்பிக்கொண்டு வந்து இடது கொம்படியைத்தான் தூணுக்குக் கொடுத்தது. இடையிடையே காதில் ஈ புகுந்ததைப்போலத் தலையை உதறியது. தொழுவத்துக்கு வந்த உறவுக்காரப் பெரியவர் பார்த்துவிட்டு, "வேலை இல்லாம நிக்குதுல்ல, அதான் திமிரு. ரெண்டு நாள் ஏர்ல பூட்டு, அடங்கிடும்" என்றார்.

"இல்ல பெரியப்பா. திமிருன்னா நுனியால குத்தும். இது அடியை வெச்சு அழுத்துது பாருங்க. அதுவும் இடது பக்கம் மட்டும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு அவரே மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

நான் செய்த சோதனையை வரிசையாகச் சொல்கிறேன், எல்லோராலும் செய்ய முடியும். மாட்டை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நாம் நேர் எதிரே நிற்காமல் தோள் பக்கமாக நிற்க வேண்டும், தலையை உதறினால் கொம்பு நம் முகத்தில் அடிக்கும். இரு கைகளையும் இரண்டு கொம்படிகளிலும் ஒரே நேரத்தில் வைத்து எது சூடாக இருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். வெயிலில் நின்ற மாடானால் நிழலில் கொஞ்ச நேரம் விட்டுத்தான் பார்க்க வேண்டும். பிறகு கட்டைவிரலால் அடியைச் சுற்றி அழுத்தி, எங்கே சிலிர்க்கிறது என்று கவனிக்க வேண்டும். அதன்பின் விரல் முட்டியாலோ சின்ன மரக் கைப்பிடியாலோ இரண்டு கொம்புகளையும் அடியிலிருந்து மேல்நோக்கி மெதுவாகத் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல கொம்பு அடிப்பகுதியில் பொள்ளலாக ஒலிக்கும். உள்ளே சதையோ சீழோ நிறைந்த கொம்பு மந்தமாக, அடைத்த ஓசையாகக் கேட்கும். தனியாகத் தட்டினால் வித்தியாசம் பிடிபடாது, இரண்டையும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். கடைசியாக இரண்டு மூக்குத் துளைகளையும் பார்க்க வேண்டும். சளி பிடித்தால் இரண்டிலும் ஒழுகும். கொம்பு நோய் என்றால் அந்தப் பக்கத்தில் மட்டும் ஒழுகும். வெள்ளைத் துணியால் துடைத்தால் சீழின் நிறமும் ரத்தக் கீற்றும் தெளிவாகத் தெரியும், நாற்றமும் தெரியும்.

என் எருதுக்கு இடது கொம்படி சூடாக இருந்தது. அழுத்தியதும் தலையை இழுத்தது. ஓசை மந்தமாக இருந்தது. இடது மூக்கில் மெல்லிய, லேசாகச் சிவந்த கசிவு. கொம்பு சாய்ந்திருக்கவில்லை, ஓடு ஆடவும் இல்லை. இன்னும் தாமதித்திருந்தால் அதுவும் நடந்திருக்கும். தலை அந்தப் பக்கமாகச் சாயும், கொம்பு அடியில் தளர்ந்து வளையும், ஒருநாள் எதிலாவது இடித்துக் கழன்று விழும். கழன்ற இடத்தில் காலிஃபிளவர் பூப்போல சதை தள்ளிக்கொண்டு நிற்கும், ஈ மொய்த்துப் புழு வைக்கும். பெரும்பாலானோர் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போவது அந்த நிலையில்தான். அப்போதும் சிலவற்றைக் காப்பாற்ற முடிகிறது, ஆனால் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது.

மருத்துவர் வந்து நான் பார்த்ததையெல்லாம் அவரும் பார்த்தார். தாடைக்கு அடியிலும் காதுக்குக் கீழேயும் உள்ள நெறிக்கட்டிகளைத் தடவிப் பார்த்தார். நோய் பரவியிருந்தால் அவை வீங்கிக் கெட்டியாகியிருக்குமாம். "நெறி கட்டலை, கண்ணும் நல்லா இருக்கு. உள்ள இன்னும் தூரம் போகலைன்னு நம்பலாம். கொம்பை எடுத்துடலாம்" என்றார். மருந்தாலேயே சரி செய்ய முடியாதா என்று கேட்டேன். இந்த நோய்க்கு ஊசி மருந்தும் உண்டு, சில மாடுகளுக்கு அறுவைக்குப் பிறகு வாரம் ஒருமுறையாகக் கொடுப்பதும் உண்டு, ஆனால் கட்டி இருக்கும் கொம்பை எடுப்பதுதான் முதல் வேலை என்று விளக்கினார்.

முந்தின நாளிலிருந்து தீனி நிறுத்தச் சொன்னார். வயிறு நிறைந்த மாட்டை மயக்கிப் படுக்க வைத்தால் வயிறு உப்பும், தீனி மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்தும் உண்டு. அன்று லேசான மயக்க ஊசி போட்டு, கண்ணுக்கும் கொம்படிக்கும் நடுவே கையால் தடவினால் ஓர் எலும்பு வரப்பு தட்டுப்படுகிறதே, அதற்குக் கீழே மரப்பு ஊசி போட்டார். கொம்புக்குப் போகும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. கொம்படியைச் சுற்றிலும் வளையமாகவும் மரப்பு மருந்து ஏற்றினார். ஊசியால் குத்திப் பார்த்து, சிலிர்ப்பு இல்லை என்று உறுதியான பிறகே கத்தியை எடுத்தார். கொம்பைச் சுற்றித் தோலை அறுத்து இரண்டு மடல்களாகப் பிரித்து ஒதுக்கினார். பிறகு மண்டையோடு ஒட்டினாற்போல் கம்பி ரம்பத்தால் அறுத்தார். உள்ளே காற்று இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய, தொட்டால் பொடிகிற சதை. நாற்றம் தாங்க முடியவில்லை. அதை முழுவதும் சுரண்டி எடுத்து, ரத்தக்குழாய்களைக் கட்டி, கழுவி, மடல்களை இழுத்து மூடித் தைத்தார். கீழ் ஓரத்தில் மட்டும் நீர் வடிய ஒரு துணித் திரியை விட்டு வைத்தார். எடுத்த சதையில் ஒரு துண்டை ஃபார்மலினில் போட்டுச் சோதனைக்கு அனுப்பினார். செதிள் உயிரணுப் புற்றுநோய் என்று முடிவு வந்தது.

தையல் பிரிக்கும் வரை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரம், பராமரிப்பு முழுக்க நம் கையில்தான். மூளைக்கு மிக அருகில், மூக்கோடு தொடர்புள்ள ஓர் அறை திறக்கப்பட்டு மூடியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கும். தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உயரமான தொட்டியிலிருந்து தூசி கொட்டும் உலர்தீனி போடக் கூடாது. தையலைச் சுற்றி ஈ விரட்டும் மருந்து தினமும் தடவ வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது, மாட்டைத் தூணிலிருந்து தள்ளி வைப்பது. ஆறும் புண் அரிக்கும், அது தையலைக் கொண்டுபோய் உரசும். நான் தூண் எட்டாதபடி திறந்த நிழலில், தரையில் அடித்த குட்டையான முளையில் கட்டினேன். மூக்கில் முதல் சில நாள் ரத்தம் கலந்து வடிந்து பிறகு தெளிந்தது. அது மறுபடி சீழாக மாறினாலோ, நாற்றம் அடித்தாலோ, தீனி எடுக்காமல் தலையைச் சாய்த்தாலோ உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கட்டி மீண்டும் வரக்கூடிய நோய் இது. அதனால் தழும்பையும் நெறிக்கட்டிகளையும் இன்றும் மாதா மாதம் தடவிப் பார்க்கிறேன். எருது நன்றாக இருக்கிறது. நுகம் பூட்டும்போது மட்டும் கொம்பு இல்லாத பக்கத்துக் கயிற்றை மாற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது. நோய் ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுமோ என்று பயந்து சிலர் தனியாகக் கட்டச் சொன்னார்கள். கொம்புப் புற்றுநோய் தொற்றாது.

இப்படி உரசும் மாட்டுக்கு வீட்டிலேயே நாம் செய்யக் கூடாதவை சில. கொம்பை அரத்தால் ராவி "நமைச்சலைப் போக்குவது", அடியில் சூடு போடுவது, துளை போட்டு உள்ளே எதையாவது ஊற்றுவது, ஆடும் கொம்பைத் திருகி எடுப்பது, இவை எல்லாமே ரத்தக்குழாய் நிறைந்த இடத்திலும் திறந்த காற்றறையிலும் கை வைக்கிற வேலை. ரத்தம் நிற்காது, சீழ் மண்டைக்குள் போகும். ராவுவதற்கென்று ஓர் இடம் உண்டு. முர்ரா போன்ற சுருள் கொம்பு எருமைகளில் சில நேரம் நுனி வளைந்து வந்து தோலையோ கண்ணோரத்தையோ குத்தும். அந்த எருமையும் அந்தப் பக்கத்தைத்தான் விடாமல் தேய்க்கும். நுனிக்கும் தோலுக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று அவ்வப்போது பார்த்து, இடைவெளி குறையும்போதே கெட்டி நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிட வேண்டும். குத்திப் புண்ணான பிறகு அறுப்பது மருத்துவர் வேலை.

உரசும் ஆசையைத் தடுப்பதைவிட அதற்குச் சரியான இடம் கொடுப்பது நல்லது. தொழுவத்தில் ஒரு தடித்த உருண்டை மரத்தை மூன்றடி ஆழத்துக்குக் குழி தோண்டி நட்டு வைத்திருக்கிறேன். ஆணி, கம்பி, கூரான கணு எதுவும் இல்லை. மாட்டின் தலை உயரத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும் முரட்டு நைலான் தூரிகைகளைத் திருகாணி உள்ளே புதையும்படி பொருத்தினேன். அந்த மரம் வந்த பிறகு சுவரும் வேலிக்காலும் தப்பித்தன, மாடுகள் முறை வைத்து வருகின்றன. முள்வேலி கட்டிய கால்களில் தேய்த்தால் கண்ணும் காதும் கிழியும், அங்கே மாட்டைக் கட்டாதீர்கள். மின்கம்பமும், அதை இழுத்துக் கட்டிய கம்பியும் அதைவிட மோசம். ஈரத்தில் மின்கசிவு இருந்தால் உரசப் போன மாடு அங்கேயே விழும். அதைக் காப்பாற்ற ஓடிப் போய்த் தொடுபவரும் விழுவார்.

இறுதியாக, உரசுவதுபோல் தோன்றி உரசல் அல்லாத இரண்டு நிலைகள். மாடு தலையை அசைக்காமல் நெற்றியைச் சுவரில் அழுத்தி, விலக்கினாலும் மறுபடி போய் அழுத்திக்கொண்டு நின்றால் அது கொம்புப் பிரச்சினை அல்ல. மூளையைப் பாதிக்கிற ஏதோ ஒன்று, ஈயம் போன்ற விஷமாகவோ ஈரல் கெட்டதாகவோ ரத்தத்தில் சத்து மாறியதாகவோ இருக்கலாம். அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். மற்றொன்று, சாதுவான மாடு திடீரென்று தூணையும் தரையையும் வெறிகொண்டு முட்டுவது. அத்துடன் எச்சில் ஒழுகி, கத்தும் குரல் மாறி, தண்ணீர் விழுங்க முடியாமல் திணறினால் வெறிநோயாக இருக்கக்கூடும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கை விடாதீர்கள், கொம்பைத் தொட்டுச் சோதிக்கவும் வேண்டாம். யாரும் கிட்டே போகாதபடி தடுத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே எச்சில் பட்டிருந்தால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும்.